மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஓராண்டு ஆட்டோமேஷன் டிப்ளமோ: விளக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

அலமேலு_டிசைன்

வணக்கம். இயந்திர வடிவமைப்பில் மாஸ்டர்ஸ், பிறகு பேக்கிங் மெஷின் டிசைனில் ஆறு வருட வேலை. இப்போது வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் ஓராண்டு இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்தவர்களும் சேரலாம் என்கிற படிப்புதான் அது.

நேற்று கல்லூரியிலிருந்து மெயில் வந்தது. "உங்கள் தகுதி இந்தப் படிப்புக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக உள்ளது. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று 500 சொற்களுக்குள் விளக்கவும்." பத்து நாள் அவகாசம். நான் எழுதிய தொடக்கம் இது:

"சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு. கற்றலுக்கு எல்லை இல்லை என்று நம்புபவள் நான். புகழ்பெற்ற உங்கள் கல்லூரியில் என் அறிவை மேலும் விரிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்."

படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. எங்கே தப்பு?

நேர்வழி_நாகு

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. வேறு கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள், அதில் மாஸ்டர்ஸையே காட்டாதீர்கள். இளநிலைப் பட்டம் மட்டும் போதும். கேள்வியே வராது. அப்படிக் காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கடிதம் முழுக்கப் பட்டத்தைப் பற்றியே பேசினால் கர்வம் மாதிரி தெரியும்.

சேர்க்கைமேசை

நாகு சொன்னதில் இரண்டாவது பாதி சரி. முதல் பாதியைச் செய்துவிடாதீர்கள்.

பெரும்பாலான விண்ணப்பங்களில் "இதுவரை படித்த அனைத்தும்" என்றுதான் கேட்டிருக்கும், கீழே உறுதிமொழிக் கையெழுத்தும் இருக்கும். மறைத்தால் அது பொய்த் தகவல். சேர்ந்த பிறகு தெரிந்தாலும் இடத்தை ரத்து செய்யலாம், விசாவிலும் அது தனியாக ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு மாஸ்டர்ஸ் படித்த இரண்டு வருடம் வரலாற்றில் ஓட்டையாக நிற்கும். அந்த ஓட்டைக்கு விளக்கம் எழுதுவதைவிட மாஸ்டர்ஸுக்கு விளக்கம் எழுதுவது எவ்வளவோ மேல்.

அலமேலு, உங்கள் வரைவில் மொழி மோசமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில்தான் இல்லை. இந்த மாதிரிக் கோப்பைக் கையில் எடுப்பவருக்கு இரண்டு மூன்று பயம் வரும். ஒன்று, முதல் பருவத்திலேயே "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று அலுத்துப்போய், நல்ல வேலை ஒன்று கிடைத்ததும் பாதியில் போய்விடுவார், இடம் வீணாகும். இன்னொன்று, படிப்பு சாக்கு, வேண்டியது வேறு ஏதோ. மூன்றாவதாக, இது என்ன படிப்பு என்றே தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறார். "கற்றலுக்கு எல்லை இல்லை" என்ற வரி இந்த மூன்றில் எதையாவது தணிக்கிறதா? மூன்றாவதை அதிகப்படுத்தத்தான் செய்கிறது. தையல் வகுப்புக்குச் சேர்ந்தாலும் அதே வரியை எழுதலாம் அல்லவா?

வேலையில் எந்த இடத்தில் உங்கள் கை கட்டிப்போகிறது? ஒரே ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள். கடிதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குமரன்_77

மேடம், ஓவர் குவாலிஃபைடு என்று சொல்லி வேலை தர மறுக்கிறார்களா? என் மச்சானுக்கும் அதே கதைதான். ரெஸ்யூமேயில் மாஸ்டர்ஸை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, செய்த வேலைகளை மேலே போட்ட பிறகுதான் அழைப்பே வந்தது.

அலமேலு_டிசைன்

குமரன், வேலைக்கு இல்லை, படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ஆனாலும் நன்றி.

@சேர்க்கைமேசை, நிகழ்வு ஒன்று இருக்கிறது. பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் மெஷின். கன்வேயர் வேகம் விநாடிக்கு 0.5 மீட்டர், நிமிடத்துக்கு 120 பாட்டில் என்று நான் டிசைன் செய்தேன். லேபிள் 3 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டக் கூடாது. இயந்திரப் பாகங்களில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டிப் பார்த்தபோது லேபிள் 10 மில்லிமீட்டர் வரை அங்கேயும் இங்கேயும் போனது. கடைசியில் வேகத்தை 0.15 ஆகக் குறைத்துத்தான் ஒப்படைத்தோம், அதாவது நிமிடத்துக்கு 36 பாட்டில். காரணம் மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி-யின் ஸ்கேன் டைம் 20 மில்லிசெகண்ட் தாமதம் என்றார் புரோகிராமர். அவர் சொன்னது சரியா தப்பா என்று சரிபார்க்கக்கூட எனக்குத் தெரியவில்லை.

வயரிங்_வேலன்

புரோகிராமர் சொன்னது சரி, ஆனால் "தாமதம்" என்ற சொல் உங்களைத் திசைதிருப்பிவிடும். எப்போதும் ஒரே அளவு தாமதம் என்றால் பிரச்சினையே இல்லை. சென்சாரைப் பத்து மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி வைத்தால் முடிந்தது. தாமதம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுவதுதான் தொல்லை.

பி.எல்.சி முதலில் எல்லா இன்புட்டையும் படிக்கும், பிறகு புரோகிராமை ஓட்டும், கடைசியில் அவுட்புட்டை எழுதும். மறுபடி முதலிலிருந்து. பாட்டில் சென்சாரைத் தொட்ட கணம் இன்புட் படிப்பதற்குச் சற்று முன்னால் என்றால் ஒரு ஸ்கேனில் பதில் வந்துவிடும். படித்து முடித்த மறுகணம் தொட்டது என்றால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும், இரண்டு ஸ்கேன் ஆகும். ஆக 20-இலிருந்து 40 மில்லிசெகண்ட் வரை எங்கே வேண்டுமானாலும் விழும். அந்த 20 மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் 0.5 மீட்டர் வேகத்தில் பாட்டில் 10 மில்லிமீட்டர் போயிருக்கும். 0.15-க்குக் குறைத்தால் 3 மில்லிமீட்டர். உங்கள் இரண்டு எண்ணும் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன.

தீர்வு ஸ்கேனுக்காகக் காத்திராத அதிவேக இன்புட், கன்வேயர் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் ஒரு என்கோடர், லேபிள் மோட்டாரைக் கிளப்பும் அவுட்புட்டும் ஸ்கேனைத் தாண்டிப் போகிற மாதிரி அமைப்பு. இன்புட்டை மட்டும் வேகமாக்கிவிட்டு அவுட்புட்டை மறந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், கட்டுப்பாட்டுப் பொறியியலில் மாஸ்டர்ஸ் போனாலும் இது அங்கே கிடைக்காமல் போகலாம். பெரும்பாலும் நிலைவெளி மாதிரிகள், நிலைத்தன்மை நிரூபணம், உகந்த கட்டுப்பாடு என்று கணிதம்தான். பேனல் வயரிங், பி.எல்.சி-க்கு லேடர் புரோகிராம் எழுதுவது, டிரைவ் பாராமீட்டர் போடுவது, ஓடாத லைனில் மல்டிமீட்டரோடு நின்று தப்பைத் தேடுவது, இதற்கெல்லாம் டிப்ளமோவில்தான் லேப் நேரம் ஒதுக்குவார்கள்.

சேர்க்கைமேசை

இப்போது கடிதம் கிடைத்துவிட்டது. "120 பாட்டிலுக்கு டிசைன் செய்த மெஷினை 36-இல் ஒப்படைத்தேன்" என்பதுதான் முதல் வரி. சிறுவயது ஆர்வத்தைத் தூக்கிப் போடுங்கள்.

இதற்கு அடுத்து வர வேண்டியது, பலர் தவறவிடும் இடம். கல்லூரி மேல்வாக்கில் மட்டும் கேள்வி கேட்கிறது: ஏன் இன்னொரு மாஸ்டர்ஸ் இல்லை? படிப்பவர் மனதில் கீழ்வாக்கிலும் ஒரு கேள்வி ஓடும்: ஏன் இதைவிடச் சின்னதாக ஒன்று போதாது? இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் நடுவில் இருக்கும் டிப்ளமோ தேர்ந்தெடுத்ததாகத் தெரியும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னால் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்ததாகத் தோன்றும்.

மேல்வாக்குப் பதிலுக்கு வேலன் சொன்னதே போதும், ஆனால் பொதுவாகச் சொல்லாதீர்கள். அதே ஊரில் நீங்கள் சேரத் தகுதியுள்ள ஒரு மாஸ்டர்ஸின் பாடத்திட்டத்தை எடுங்கள். அதில் லேப் எத்தனை மணி, டிப்ளமோவில் எத்தனை மணி என்று எண்ணி, அந்த இரண்டு எண்ணையும் ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பாடங்களின் பெயர் மட்டும் வேண்டாம், பெயர்கள் ஒரே மாதிரி இருக்கும். வாரவாரியான விவரத்தைப் பாருங்கள்.

"கீழான படிப்பு" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. யுனெஸ்கோவின் 2011 கல்வி வகைப்பாட்டில் மாஸ்டர்ஸ் 7-ஆம் நிலை. உங்கள் டிப்ளமோ 5-ஆம் நிலையிலோ, ஓராண்டுதான் என்பதால் 4-ஆம் நிலையிலோ வரலாம். அந்த 5-ஆம் நிலையை அந்த வகைப்பாடே செய்முறை சார்ந்தது, குறிப்பிட்ட தொழிலுக்குத் தயார்செய்வது என்றுதான் விவரிக்கிறது. எண் இறங்குகிறது, நோக்கமும் மாறுகிறது. கடிதத்தில் இந்த வகைப்பாட்டை மேற்கோள் காட்டத் தேவையில்லை, பாடம் நடத்துவது போலாகிவிடும். எழுதும்போது மன்னிப்புக் கேட்கும் தொனி வராமல் இருக்க இது மனதில் இருந்தால் போதும்.

உங்கள் மாஸ்டர்ஸை மட்டம் தட்டவும் வேண்டாம். "அது வெறும் ஏட்டுப் படிப்பு" என்று எழுதினால், நாளை இதையும் அப்படித்தான் சொல்வார் என்று தோன்றும்.

பட்டறைப்பாண்டி

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். ஒரு வருடம் எதற்கு? பி.எல்.சி தயாரிக்கிற கம்பெனிகளே ஐந்து நாள் பயிற்சி தருகின்றன. இரண்டு பயிற்சிக்குப் போனால் லேடர் எழுதலாம், வேலையையும் விட வேண்டாம். ஆறு வருட அனுபவம் உள்ளவர் பிளஸ் டூ பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவதாவது!

வயரிங்_வேலன்

பாண்டி அண்ணே, ஐந்து நாள் பயிற்சியில் அந்தக் கம்பெனி மென்பொருளில் எந்த மெனு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். அது ஏற்கெனவே எலக்ட்ரிக்கல் தெரிந்தவருக்கான பயிற்சி. 24 வோல்ட் சென்சார் வகை மாறினால் ஏன் இன்புட் விளக்கு எரியாது, அனலாக் சிக்னலில் ஏன் இரைச்சல் வருகிறது, எமர்ஜென்சி ஸ்டாப்பை ஏன் சாதாரண புரோகிராமை மட்டும் நம்பி விடக்கூடாது, இதெல்லாம் அங்கே தெரிந்ததாக வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். மெக்கானிக்கல்காரர் மூன்றாம் நாளில் தொலைந்துவிடுவார்.

பட்டறைப்பாண்டி

அதைப் பக்கத்து சீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சம்பளமும் வரும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சேர்க்கைமேசை

பாண்டி சொல்வது சிலருக்குச் சரியாகவே இருக்கும். வேலையிடத்தில் கற்றுத்தர ஆளும், கைவைக்க பேனலும், அதற்கு நேரமும் இருந்தால் அதுதான் மலிவு. அலமேலு, உங்களிடம் அந்த மூன்றும் இருக்கின்றனவா? இல்லை என்றால் இல்லாததைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள். பாண்டியின் கேள்விதான் நான் சொன்ன கீழ்வாக்குக் கேள்வி. கல்லூரி அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அலமேலு_டிசைன்

புரோகிராமிங்கை வெளியாளிடம் கொடுத்துவிடுகிறோம். மெஷின் வாடிக்கையாளர் இடத்துக்குப் போன பிறகுதான் அவர் வருவார். எங்கள் இடத்தில் பேனலே இருக்காது. அதனால் பக்கத்து சீட்டில் கற்க வழியில்லை. ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போயிருக்கிறேன், வேலன் சொன்ன மாதிரியே மூன்றாம் நாள் பின்தங்கிவிட்டேன்.

சேர்க்கைமேசை

அதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லவில்லை! சின்னதை முயன்று பார்த்துவிட்டு, அது போதவில்லை என்று தெரிந்த பிறகு வருகிறீர்கள். இதைவிட நல்ல சான்று இல்லை. பயிற்சிச் சான்றிதழை இணையுங்கள்.

பூச்சியம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இயற்பியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன், புள்ளியியலில் இளநிலைப் பட்டத்துக்கே முதலிலிருந்து சேரலாமா என்று யோசிக்கிறேன். இதே கடிதம் எனக்கும் பொருந்துமா?

சேர்க்கைமேசை

பூச்சியம், உங்கள் நிலை வேறு. மூன்று நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் பாதிக் கணிதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கீழ்வாக்குக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. வேண்டிய மாஸ்டர்ஸின் முன்தேவைப் பாடங்களைப் பட்டியலிட்டு, உங்கள் மதிப்பெண் பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் தனிப் பாடங்களாக எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, சமமான அல்லது உயர்ந்த பட்டம் உள்ளவருக்கு உதவித்தொகையோ கல்விக் கடனோ கிடையாது என்ற விதி பல இடங்களில் உண்டு. சேருவதற்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள். மேற்கொண்டு பேசத் தனி இழை தொடங்கினால் நல்லது.

அலமேலுவுக்கு மறந்த இரண்டு விஷயம். பரிந்துரைக் கடிதங்களை யார் எழுதுகிறார்கள்? உங்கள் பழைய பேராசிரியர் வழக்கம்போல "ஆராய்ச்சியில் ஒளிரக்கூடியவர், பிஎச்.டி.க்குத் தகுதியானவர்" என்று எழுதிவிட்டால் உங்கள் கடிதத்தை அந்த ஒரு வரியே கவிழ்த்துவிடும். பாராட்டுத்தான், ஆனால் தவறான படிப்புக்கான பாராட்டு. அந்த லேபிள் மெஷின் கதை தெரிந்த மேலாளரிடம் ஒன்று வாங்குங்கள். உங்கள் கடிதத்தின் வரைவையும் அவருக்குக் கொடுங்கள், இரண்டும் ஒரே திசையில் பேசட்டும்.

அடுத்தது விலக்கு. கணிதம், இயந்திரவியல் அடிப்படை போன்ற பாடங்களில் "எனக்குத் தெரியும், விலக்கு வேண்டும்" என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், ஆனால் சேர்க்கை உறுதியாவதற்கு முன் வேண்டாம். இப்போது கேட்டால் "அலுத்துப்போவார்" என்ற பயத்துக்கு நீங்களே சாட்சி சொல்வதாகும். பிறகு கேட்கும்போதும் மீதிப் பாடங்கள் முழுநேர மாணவர் என்ற வரம்புக்குக் கீழே போகாமல் பாருங்கள். மாணவர் விசாவில் அந்த வரம்பு முக்கியம்.

அலமேலு_டிசைன்

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். பாடத்திட்டத்தில் மணிக்கணக்கையும் எண்ணினேன். முக்கியப் பகுதி:

"நிமிடத்துக்கு 120 பாட்டில்களுக்கு நான் வடிவமைத்த லேபிள் இயந்திரம் 36 பாட்டில் வேகத்தில் ஒப்படைக்கப்பட்டது. பி.எல்.சி-யின் பதில் நேரம் ஒரு ஸ்கேன் அளவுக்கு, அதாவது 20 மில்லிசெகண்ட் வரை மாறியதால் லேபிளின் இடம் 10 மில்லிமீட்டர் வரை விலகியது. அனுமதி 3 மில்லிமீட்டர். இயந்திரப் பக்கத்தில் செய்ய எதுவும் மீதமில்லை. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

என் மாஸ்டர்ஸ் பட்டத்தில் பொறிமுறை வடிவமைப்பைக் கற்றேன், அதை அன்றாடம் பயன்படுத்துகிறேன். அதில் மின்கட்டுப்பாட்டு லேப் இல்லை. பி.எல்.சி தயாரிப்பாளர் நடத்திய ஐந்து நாள் பயிற்சியில் கலந்துகொண்டேன். மின்வயரிங் அடிப்படை இல்லாததால் அது எனக்குப் போதவில்லை. நான் சேரக்கூடிய கட்டுப்பாட்டுப் பொறியியல் மாஸ்டர்ஸில் இரண்டு ஆண்டுகளில் 60 மணி நேர லேப் உள்ளது. உங்கள் டிப்ளமோவில் ஓராண்டில் 380 மணி நேரம். முதல் பருவத்து மின்சுற்றுப் பாடம்தான் எனக்கு முதலில் தேவை, அதை முழுமையாக எடுக்கவே விரும்புகிறேன்.

படிப்பு முடிந்ததும் இப்போதைய நிறுவனத்தில் இயந்திர வடிவமைப்பும் கட்டுப்பாடும் சேர்ந்த பொறுப்புக்குத் திரும்புகிறேன். நிறுவனத்தின் கடிதம் இணைப்பில்."

வயரிங்_வேலன்

"ஒரு ஸ்கேன் அளவுக்கு மாறியதால்" என்று எழுதியது நல்லது. ஆட்டோமேஷன் ஆசிரியர் எவராவது படித்தால் இவருக்குப் புரிந்திருக்கிறது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரியும். ஆனால் "என்ன செய்யலாம் என்று தெரியவில்லை" என்பது இப்போது முழு உண்மை இல்லையே, நான்தான் சொல்லிவிட்டேனே! நேர்காணலில் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். "அப்போது எனக்குத் தெரியவில்லை. தீர்வு அதிவேக இன்புட்டிலும் என்கோடரிலும் இருக்கிறது என்று இப்போது தெரியும். அதை நானே அமைத்து ஓட்டத் தெரியாது" என்று மாற்றுங்கள்.

சேர்க்கைமேசை

ஒப்புக்கொள்கிறேன். முதல் பருவத்து மின்சுற்று வரி இருக்கிறதே, அலுத்துப்போவார் என்ற பயத்துக்கு அது நேரடிப் பதில். அதை எடுத்துவிடாதீர்கள். 500 சொல்லுக்கு நிறைய இடம் மீதி இருக்கிறது, நிரப்ப வேண்டாம். மணிக்கணக்கை எடுத்த பாடத்திட்டப் பக்கங்களையும் இணைத்துவிடுங்கள்.

நேர்வழி_நாகு

"திரும்புகிறேன்" என்ற வாக்குறுதி ஆபத்து. நாளை அங்கேயே நல்ல வேலை கிடைத்தால்?

கப்பல்காகிதம்

விசா கோப்புகளைப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நாகுவின் கேள்வியில் நியாயம் உண்டு. கல்லூரியைப் பொறுத்தவரை நீங்கள் ஊர் திரும்புவது பெரிய விஷயமில்லை, படிப்பை முடிப்பதுதான் முக்கியம். விசா அதிகாரிக்கு அப்படியே தலைகீழ். பல நாடுகளில் படிப்பு முடிந்த பிறகு வேலை தேடச் சட்டப்படியே வழி இருக்கிறது, அதனால் அந்த ஆசை குற்றமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே கதைதான் இருக்க வேண்டும். நிறுவனம் உண்மையிலேயே அந்தப் பொறுப்பைத் தரத் தயாரா, பொறுப்பின் பெயரும் சேரும் மாதமும் கடிதத்தில் உண்டா? வெறும் "வரவேற்போம்" என்றால் நான் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்வேன்.

சேர்க்கைமேசை

நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். பொதுவான கடிதம் என்றாலும் வேலையைத் துறக்காமல் விடுப்பில் வருகிறார் என்பதே எடையுள்ள செய்தி. ஆனால் விடுப்பு என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

அலமேலு_டிசைன்

இப்போதைக்கு "வரவேற்போம்" என்றுதான் இருக்கிறது. விடுப்பு என்று எழுதித் தரச் சொல்லி இன்று மனிதவளத் துறையில் கேட்டிருக்கிறேன். அவகாசம் முடிய இன்னும் ஐந்து நாள். வேலன் சொன்ன வரியை மாற்றிவிட்டேன்.

பட்டறைப்பாண்டி

விடுப்பு தருகிற கம்பெனி ஒரு பேனலும் வாங்கித் தந்திருக்கலாம். கேட்டுப் பார்த்தீர்களா?